மாமாவுக்கு யார் சொல்வது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பினாங்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் முப்பது வயது தாண்டியும் ஒருவர் திருமணம் செய்துகொள்ளாமல் இருந்தால், தீபாவளியன்று காலையிலிருந்து இரவு வரை அவருக்கு வருகிற கேள்வி ஒன்றுதான். "எப்போது கல்யாணச் சாப்பாடு போடப் போகிறாய்?" பட்டர்வொர்த்திலிருந்து வரும் சித்தி கேட்பார். சுங்கைப் பட்டாணியிலிருந்து வரும் மாமா கேட்பார். அடுத்த வீட்டுப் பாட்டி முறுக்கை எடுத்துக்கொண்டே கேட்பார். சிரித்துச் சமாளிப்பவர்களில் சிலருக்கு ஏற்கெனவே ஒரு துணை உண்டு. அந்தத் துணையும் அதே வரவேற்பறையில், அதே பாயில், 'கூட வேலை செய்யும் நண்பர்' என்ற பெயரில் உட்கார்ந்திருப்பார். இருவரும் ஆண்களாக இருப்பார்கள், அல்லது இருவரும் பெண்களாக இருப்பார்கள்.

இப்படி வாழும் இருவருக்குள் அடிக்கடி நடக்கும் வாக்குவாதம் ஒன்று உண்டு. ஒருவர் சொல்வார்: "உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடு. எத்தனை வருடம் நான் 'நண்பனாக' இருப்பது?" மற்றவர் சொல்வார்: "சொன்னால் அம்மா தாங்கமாட்டார். சொல்லாமலே எல்லாம் நன்றாகத்தானே போகிறது?" இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் இது ஒரே ஒரு முறை எடுத்து முடித்துவிடுகிற முடிவு அல்ல. அம்மாவுக்குச் சொல்வது ஒரு முடிவு, அண்ணனுக்குச் சொல்வது வேறொரு முடிவு, மாமாவுக்குச் சொல்வது இன்னொரு முடிவு. அதிலும் மாமாவுக்கு யார் சொல்வது என்பதுதான் பெரிய சிக்கல். பிள்ளை சொல்வதா, அம்மா சொல்வதா?

முதலில் ஊரைப் பார்ப்போம். 2018 ஆகஸ்டு மாதம் ஜார்ஜ்டவுன் விழாவில் ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. தேசியக் கொடியோடு நிற்கும் மலேசியர்களின் படங்கள் அதில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் இரண்டு படங்கள் இறக்கப்பட்டன. ஒன்று திருநங்கைகளின் உரிமைக்காகப் பாடுபடும் நிஷா அயூப்பின் படம். மற்றொன்று தாம் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன பாங் கீ தெய்க்கின் படம். அப்போது சமய விவகாரங்களுக்குப் பொறுப்பு வகித்த அமைச்சரின் உத்தரவுப்படி அது நடந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படங்களில் ஆபாசம் எதுவும் இல்லை. இருவர் கொடியோடு நின்றார்கள், அவ்வளவுதான். சுவரில் ஒரு படம் மாட்டுவதே இவ்வளவு சிரமமான ஊரில், ஒருவர் தம் வீட்டு வரவேற்பறையில் வாய் திறக்கத் தயங்கினால் அவரைக் கோழை என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது சட்டம். மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் 'இயற்கைக்கு மாறான உறவு' என்று சொல்லப்படுவதற்கு இருபது ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கின்றன. பிரம்படியும் உண்டு. 377டி பிரிவு ஆண், பெண் யாராக இருந்தாலும் 'ஒழுங்கீனமான செயல்' என்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. முஸ்லிம்களுக்கு இவற்றோடு மாநில ஷரியா சட்டங்களும் உண்டு. அவை இந்துக்களுக்கோ கிறிஸ்துவர்களுக்கோ பொருந்தா. இந்தப் பிரிவுகள் தண்டிப்பது செயலை. 'எனக்கு இன்னாரைப் பிடிக்கும், அவரோடு வாழ்கிறேன்' என்று தாயிடம் சொல்வது குற்றம் அல்ல. ஆனாலும் அந்தச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறவரை, கோபத்தில் இருக்கும் ஓர் அண்ணன் "போலீசுக்குப் போவேன்" என்று மிரட்ட அது போதும். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரே அச்சில் வார்த்த சட்டம்தான் இது. இந்தியாவில் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் இணங்கி வாழும் உறவை அந்தப் பிரிவிலிருந்து விடுவித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில் தன் 377ஏ பிரிவை நீக்கியது. பினாங்கில் இருக்கும் தம்பி சொல்ல முடியாததை, சிங்கப்பூரில் வேலை செய்யும் அக்கா மகன் சட்ட பயமில்லாமல் சொல்லலாம். ஒரே குடும்பம், இரண்டு நிலைமை.

பினாங்குக் குடும்பங்களுக்குள் நடப்பது வெளியே வருவதில்லை. வெளியே வந்தால் அவர்களுக்குத்தான் ஆபத்து. ஆனால் நம்மைப் போன்ற தமிழ்ப் பெற்றோர், நம்மைப் போலவே 'ஊர் என்ன சொல்லும்' என்று அஞ்சும் பெற்றோர், நீதிமன்றத்தில் உட்கார்ந்து மனம் திறந்து பேசிய சம்பவம் ஒன்று பதிவாகி இருக்கிறது. அது 2021ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது.

மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள். ஒருவருக்கு 22 வயது, மற்றவருக்கு 20. இருவரும் காதலிப்பது வீட்டுக்குத் தெரிந்ததும் எதிர்ப்பு வந்தது. பிரித்துவிடுவார்கள் என்று பயந்து இருவரும் வீட்டைவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். அங்கே தொண்டு நிறுவனங்களின் உதவியால் தங்க இடம் கிடைத்தது. இரு வீட்டுப் பெற்றோரும் 'மகளைக் காணவில்லை' என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். போலீசார் விசாரிக்க ஆரம்பித்தார்கள். பயந்துபோன பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. சட்டப்படி பார்த்தால் பத்து நிமிட வேலை. இருவரும் வயது வந்தவர்கள், விரும்பிப் போயிருக்கிறார்கள், புகாரை முடித்துவிடு என்று உத்தரவு போட்டிருக்கலாம். அவர் அப்படி அவசரப்படவில்லை. பெண்களைத் தனியாகவும் பெற்றோரைத் தனியாகவும் அழைத்துப் பேசினார். பிறகு மனநல ஆலோசகர் வித்யா தினகரனிடம் எல்லாரையும் அனுப்பி வைத்தார்.

அந்தப் பெற்றோர் என்ன சொன்னார்கள் என்பது நீதிமன்ற உத்தரவிலேயே இருக்கிறது. தம் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். குடும்பத்துக்கு வரப்போகும் அவமானத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். வம்சம் என்னாவது, பிள்ளை தத்தெடுப்பது எப்படி என்றெல்லாம் குழம்பினார்கள். இவற்றுக்கு மேல் ஒன்று சொன்னார்கள்: ஒரு பெண்ணைத் துணையாகக் கொள்வதைவிட, மகள் காலம் முழுவதும் கன்னியாகவே இருந்துவிட்டால் அது கௌரவமாக இருக்கும் என்றார்கள்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பலமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். "கல்யாணம் செய்துகொள், பேரன் பேத்தி பெற்றுக் கொடு" என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த ஆசையைக்கூட விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். மகள் தனியாக இருந்தால் உறவினரிடம் சொல்ல ஒரு பதில் இருக்கிறது: "அவளுக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை." மகளுக்கு ஒரு பெண் துணை என்றால் சொல்ல அவர்களிடம் வார்த்தையே இல்லை. ஆகவே அந்த எதிர்ப்பில் ஒரு பகுதி மகளைப் பற்றியது அல்ல. நாளைக்கு மாமா வந்து கேட்டால் என்ன சொல்வது என்பதைப் பற்றியது.

பெண்கள் சொன்னதும் பதிவாகி இருக்கிறது. தங்கள் உறவில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. படிப்பைத் தொடர வேண்டும், வேலை பார்க்க வேண்டும் என்றார்கள். பெற்றோரோடு தொடர்பு வைத்துக்கொள்ளவும் விரும்பினார்கள். பெற்றோர் புரிந்துகொள்ள எவ்வளவு காலம் ஆனாலும் காத்திருக்கிறோம், எங்களைப் பிரிக்க மட்டும் வேண்டாம் என்பதே அவர்கள் கேட்டது. வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகள் வீட்டை வெறுத்துத்தான் ஓடியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம்.

அந்த நீதிபதி அடுத்துச் செய்ததைத்தான் இந்தியப் பத்திரிகைகள் எல்லாம் பெரிதாக எழுதின. இந்த விஷயத்தில் தமக்கே போதிய தெளிவு இல்லை என்று 2021 ஏப்ரல் 28ஆம் நாள் உத்தரவில் அவர் எழுதினார். தீர்ப்பு மூளையிலிருந்து மட்டும் வந்தால் போதாது, மனத்திலிருந்து வர வேண்டும் என்று சொல்லி, தமக்கும் ஆலோசகரிடம் நேரம் கேட்டார். போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 2021 ஜூன் 7ஆம் நாள் விரிவான உத்தரவு வந்தது. வயது வந்தவர்கள் தாங்களாகவே விரும்பிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால், 'காணவில்லை' புகாரை வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீசார் முடித்துவிட வேண்டும் என்றது அந்த உத்தரவு. ஒருவரின் பாலீர்ப்பை 'மாற்றுகிறோம்' என்று சிகிச்சை செய்வதற்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையமும், அப்படிச் செய்கிற மருத்துவர் தொழில் ஒழுக்கத்தை மீறியவர் ஆவார் என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்துவிட்டது. ஆகவே சிகிச்சை செய்ய அங்கே நோயே இல்லை.

ஒரு நீதிபதி. படித்தவர், வயதில் பெரியவர், எத்தனையோ வழக்குகளைப் பார்த்தவர். அவருக்கே புரிந்துகொள்ளச் சில வாரங்கள் தேவைப்பட்டன. பாயான் பாரு அடுக்குமாடியில் இருக்கும் ஓர் அம்மாவிடம் தீபாவளிக்கு முந்தின இரவு சொல்லிவிட்டு, மறுநாள் காலை அவர் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி? பண்டிகை நாளில், கல்யாண வீட்டில், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் கூட்டத்தில் சொல்வதுதான் பலர் செய்கிற முதல் தவறு. எல்லாரும் ஒன்றாக இருக்கிறார்களே என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்கிறவருக்கு அழக்கூட ஓர் அறை கிடைப்பதில்லை.

அந்த வழக்கின் பின்விளைவாக நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்திரிகைகள் பயன்படுத்தி வந்த தமிழ்ச் சொற்களை நீதிமன்றம் கவனித்தது. 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல் மனிதரைச் சொல்லவில்லை, படுக்கையறையைச் சொல்கிறது. எந்தத் தாயால் அந்தச் சொல்லைத் தன் மகனுக்குச் சூட்ட முடியும்? நீதிமன்றம் வலியுறுத்தியதால் தமிழக அரசு 2022இல் மரியாதையான சொற்களின் பட்டியலை வெளியிட்டது. ஆனால் பட்டியலில் இருக்கும் சொல் வீட்டுக்குள் வர நாளாகும். அதனால் சொல்ல நினைப்பவர்கள் சொல்லையே தவிர்த்துவிடலாம். "அம்மா, நான் கல்யாணம் செய்துகொள்ளப் போவதில்லை. என் வாழ்க்கை இவரோடுதான்." அகராதியே தேவையில்லை, அம்மாவுக்குப் புரிந்துவிடும்.

இனி இரண்டாவது வழக்கு. இது 2025 மே 22ஆம் நாள் அதே சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. 25 வயதுப் பெண் ஒருவரை அவருடைய வீட்டார் பிடித்து வைத்திருந்தார்கள். அவருடைய துணைவி ஆட்கொணர்வு மனுப் போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணை வரவழைத்து நேரில் விசாரித்தார்கள். தன்னை வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோனதாகவும், அடித்ததாகவும், 'சரியாக்க' வேண்டும் என்று ஏதோ சடங்குகள் செய்ததாகவும் அவர் சொன்னார். நீதிமன்றம் அவரை விடுவித்தது. திருமணம் ஒன்றுதான் குடும்பத்தை உண்டாக்கும் வழி என்பதில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று தீர்ப்பில் எழுதியது.

இந்தத் தீர்ப்பில் ஒரு சின்னச் செய்தி உண்டு. மனுப் போட்ட பெண், தன் மனுவிலேயே தன்னை 'நெருங்கிய தோழி' என்றுதான் சொல்லியிருந்தார். துணையை மீட்க உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்தவருக்குக்கூட அந்த உறவின் பெயரைக் காகிதத்தில் எழுதத் துணிவு வரவில்லை. அந்தத் தயக்கம் புரிகிறது என்று நீதிபதிகள் எழுதினார்கள். ஓர் அம்மாவின் மனநிலையைப் பற்றிப் பேசும்போது, எல்லாப் பெற்றோரும் லீலா சேத்தைப் போல இருக்கமாட்டார்கள் என்றும் குறிப்பிட்டார்கள். லீலா சேத் இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண்மணி. தம் மகன், எழுத்தாளர் விக்ரம் சேத், தன்பாலீர்ப்பாளர் என்பதை ஏற்றுக்கொண்டு அதைப் பொதுவில் எழுதியவர். அவரைப் போன்ற தாய் கிடைப்பது அபூர்வம்.

மதுரைப் பெண்களுக்கும் இந்தப் பெண்ணுக்கும் ஓடிப்போய் நிற்க ஒரு நீதிமன்றம் இருந்தது. பினாங்கில் 377ஏ இன்னும் இருக்கும்போது அப்படி ஓர் உத்தரவை எதிர்பார்த்துக்கொண்டு யாரும் வீட்டில் பேச்சைத் தொடங்க முடியாது. அதனால் இங்கே சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியது துணிச்சலை அல்ல, ஏற்பாடுகளை. சொன்ன இரவே வீட்டை விட்டுப் போ என்றால் போக இடம் இருக்கிறதா? சம்பளம் யார் கணக்கில் விழுகிறது? மைகாட், கடப்பிதழ், படிப்புச் சான்றிதழ்கள் அம்மாவின் பீரோவில் இருக்கின்றனவா, சொந்தக் கையில் இருக்கின்றனவா? கல்லூரிக் கட்டணத்தை அப்பா கட்டிக்கொண்டிருக்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டு, பாதியில் படிப்பு நின்றுபோனால் அந்த இழப்பு பல வருடம் தொடரும். வீட்டில் அடிதடி வழக்கம் உண்டென்றால், தனியாக வாழ்க்கை அமையும்வரை சொல்லாமல் இருப்பதில் பொய் எதுவும் இல்லை.

அடுத்தது, முதலில் யாரிடம்? பெரும்பாலும் அக்கா தங்கையில் ஒருவர், அல்லது தோழி போலப் பழகும் சித்தி. அவரிடம் சொல்லும்போதே கூடச் சொல்ல வேண்டியது: இது வேறு யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக்கூடாது. இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பாதிக் குடும்பங்களில் குழப்பம் வருகிறது. அக்கா நல்ல எண்ணத்தோடு அத்தானிடம் சொல்வார். அத்தான் தம் தம்பியிடம் சொல்வார். மூன்றாம் நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் சாடையாகப் பேசுவார். கடைசியில் அம்மாவுக்குச் செய்தி வெளியிலிருந்து வந்து சேரும். பிள்ளையின் உறவைவிட, 'எனக்கு மட்டும் கடைசியாகத் தெரிந்ததே' என்பதுதான் அந்தத் தாயைக் குத்தும். இப்படிக் கேள்விப்பட்டவர்கள் சமாதானமாக ரொம்ப நாளாகும்.

அம்மாவிடம் சொன்ன பிறகு அம்மாவுக்கு ஒரு வேலை வந்துவிடுகிறது. இதுவரை பிள்ளை மறைத்தார், இனி அம்மா மறைக்க வேண்டும். மாமாவிடம், கோயில் கூட்டாளிகளிடம், பெண் கொடுக்கத் தயாராக இருக்கும் சம்பந்திகளிடம். மதுரைப் பெற்றோரை அழுத்திய பாரம் இதுதான். இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. அம்மா வெளியில் சொல்லக்கூடிய பதிலை அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம். "அவனுக்குக் கல்யாணம் வேண்டாமாம், நாங்களும் வற்புறுத்துவதில்லை. கூட ஒரு நல்ல பையன் இருக்கிறான், பயமில்லை." இதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. கேட்பவர் எவ்வளவு புரிந்துகொள்ள விரும்புகிறாரோ அவ்வளவு புரிந்துகொள்வார். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் வரை முழுதாகவும், மற்றவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தோடும் நிறுத்திக்கொள்வது பல குடும்பங்களுக்கு ஒத்துவரும். துணைவரில் ஒருவருக்கு இது போதவில்லை என்றால் அதையும் மறைக்காமல் பேசிக்கொள்ள வேண்டும். 'நண்பன்' என்ற பெயரோடு இருபது வருடம் பாயில் உட்கார்ந்திருப்பது எளிதல்ல.

வாய் திறக்காமலே ஏற்றுக்கொண்ட குடும்பங்களும் உண்டு. எதையும் கேட்கமாட்டார்கள். ஆனால் தீபாவளிக்குச் சட்டை இரண்டு வாங்குவார்கள், பலகார டப்பாவில் இருவருக்கும் சேர்த்து வைப்பார்கள். இதைக் குறை சொல்லக்கூடாது. ஒரு பேச்சுவார்த்தையும் இல்லாமல் கிடைத்த அன்பு அது. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை ஆஸ்பத்திரி வாசலில் தெரியும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். குளுகோரில் இருவர் பதினெட்டு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். இருவரும் இந்துக்கள். மூத்தவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், இளையவர் கடை வைத்திருக்கிறார். அடுக்குமாடி வீட்டை இருவர் பெயரிலும் வாங்கி, தவணையும் பாதிப் பாதி கட்டினார்கள். மூத்தவரின் அம்மா உயிரோடு இருக்கிறார். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மூத்தவர் மாரடைப்பில் சுயநினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார். டாக்டர் வெளியே வந்து கேட்பது, "குடும்பத்தார் யார்?" பதினெட்டு வருடம் கூட இருந்தவர் எழுந்து நின்றாலும், கையெழுத்துக்குத் தேடப்படுவது ஈப்போவில் இருக்கும் அண்ணன்தான்.

அவர் இறந்துவிட்டால்? உயில் எழுதவில்லை என்றால் 1958ஆம் ஆண்டு சொத்துப் பகிர்வுச் சட்டம் வரும். மனைவி, பிள்ளை இல்லாதவரின் சொத்து முழுவதும் பெற்றோருக்குப் போகும். அந்தச் சட்டத்தில் துணைவருக்கு ஒரு சென்னும் இல்லை. வீட்டில் இருவர் பெயரும் இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். தீபகற்ப மலேசியாவின் நிலச் சட்டத்தில், ஒருவர் இறந்தால் அவர் பங்கு கூட்டு உரிமையாளருக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. இறந்தவரின் பாதி அவர் அம்மாவுக்குப் போகும். பிறகு அம்மாவின் வாரிசுகளுக்கு. அண்ணன் வந்து, "விற்றுவிடலாம்" என்றால் இளையவர் எங்கே போவார்?

இதற்கெல்லாம் வழி இருக்கிறது. இ.பி.எப். பணத்துக்கு முஸ்லிம் அல்லாதவர் யாரை வேண்டுமானாலும் வாரிசாக நியமிக்கலாம். நியமிக்கப்பட்டவருக்கே பணம் சொந்தமாகும், உறவு என்ன என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆயுள் காப்புறுதியில் பலர் ஏமாறுகிறார்கள். அங்கேயும் பெயர் கொடுத்துவிட்டோமே என்று நினைப்பார்கள். ஆனால் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, மனைவி, பிள்ளை, பெற்றோர் அல்லாத ஒருவரை நியமித்தால் அவர் பணத்தை வாங்கிப் பகிர்ந்து கொடுக்கும் நிர்வாகி மட்டுமே. காசோலை அவர் பெயரில் வரும், காசு இறந்தவரின் வாரிசுகளுடையது. ஆகவே உயிலிலும் எழுத வேண்டும், அல்லது பாலிசியையே துணைவர் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். உயிலுக்கு 18 வயது நிறைந்திருந்தால் போதும், இரண்டு சாட்சிகள் வேண்டும். துணைவர் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது, போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். இன்னொன்று, வீட்டார் வற்புறுத்தலுக்கு இணங்கி ஒருவர் சட்டப்படி திருமணம் செய்துகொண்டால், முன்பு எழுதிய உயில் அந்தத் திருமணத்தோடு ரத்தாகிவிடும்.

அப்படியென்றால் உயிலை எழுதிப் பெட்டியில் பூட்டிவிட்டால் போதுமா? அங்கேதான் சொல்லாமல் விட்ட வார்த்தை திரும்ப வருகிறது. உயிலை உயர் நீதிமன்றத்தில் உறுதிப்படுத்தி வாங்கும்போது குடும்பம் அதைப் பார்க்கத்தான் போகிறது. பதினெட்டு வருடம் மறைத்ததை அந்தக் காகிதம் ஒரே நாளில் சொல்லிவிடும். அப்போது விளக்கம் சொல்ல அவர் இருக்கமாட்டார். இளையவர் தனியாக நிற்பார். பையனை ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டான் என்று அண்ணன் வழக்குப் போடலாம். துக்கத்தில் இருப்பவர் வக்கீல் வீட்டுப் படியேற வேண்டிவரும். கொள்ளி வைக்கும்போது அவர் எங்கே நிற்பது என்பதைக்கூட யாரோ ஒருவர்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே அம்மாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரவர் வீட்டு நிலைமை முடிவு செய்யட்டும். ஆனால் உறவினரில் ஒருவருக்காவது முழுக் கதையும் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்தில் பேச்சு எடுபடக்கூடிய ஒருவர். அந்த உதாரணத்தில் மூத்தவருக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளையே உயிலின் நிர்வாகியாகப் போடலாம். ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு அவள் பெயரையும் துணைவர் பெயரையும் சேர்த்து எழுதலாம். டாக்டர் வெளியே வந்து "குடும்பத்தார் யார்?" என்று கேட்கும்போது, அவள் எழுந்து, "நான் தங்கை. இவர்தான் அண்ணனோடு இருப்பவர், இவரிடம் சொல்லுங்கள்" என்பாள். அண்ணன் ஈப்போவிலிருந்து வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் மாமாவுக்கும் அவளே தொலைபேசியில் சொல்லியிருப்பாள்.